போனஸ் வரியையும் நோட்டீஸ் வரியையும் சேர்த்துப் படியுங்கள்

கேள்வி: “புது வேலைக்கு ஒப்பந்தம் வந்திருக்கிறது. தகுதிகாண் காலம் ஆறு மாதம். அதற்குள் நான் விலகினால் 60 நாள் நோட்டீஸ், அவர்கள் விலக்கினால் 15 நாள். நிரந்தரமான பிறகு இரு தரப்புக்கும் 90 நாள். விலகிய பின் 12 மாதம் போட்டி நிறுவனம் எதிலும் சேரக் கூடாது. முதல் மாதச் சம்பளத்தோடு இரண்டு மாதச் சம்பள அளவு போனஸ் தருகிறார்கள். அதைக் கொடுத்த நாளிலிருந்து 24 மாதத்துக்குள் நான் ராஜினாமா கடிதம் கொடுத்தாலோ, வேறு எந்தக் காரணத்தால் வேலை முடிந்தாலோ முழுவதையும் திருப்பித் தர வேண்டும். ‘இது எல்லோருக்கும் கொடுக்கிற வாசகம்தான், யாரும் அமல்படுத்துவதில்லை’ என்கிறார் மனிதவள அதிகாரி. கையெழுத்துப் போடலாமா?”

போடலாம், ஆனால் இப்படியே போடாதீர்கள். உங்களை உறுத்துவது 12 மாதத் தடை என்று நினைக்கிறேன்; இப்படிக் கேட்பவர்களில் பெரும்பாலோருக்கு அதுதான் முதல் பயம். உங்கள் பணத்தைக் கடிக்கப்போவது அது அல்ல. போனஸ் வரியில் உள்ள ‘வேறு எந்தக் காரணத்தால்’ என்ற மூன்று சொற்களும், அவற்றுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் 60–15 என்ற ஏற்றத்தாழ்வும்தான். நான் நிறுவனங்களுக்காக இத்தகைய ஒப்பந்தங்களை எழுதியும் இருக்கிறேன், பணியாளர்களுக்காகப் படித்தும் பார்க்கிறேன். எழுதுபவர் நோட்டீசை ஒரு பக்கத்தில் வைப்பார், போனசை இணைப்புக் கடிதத்தில் வைப்பார், தகுதிகாண் காலத்தை இன்னோர் இடத்தில் வைப்பார். தனித்தனியாகப் படித்தால் ஒவ்வொன்றும் நியாயமாகவே தெரியும். வேலை முடியும் நாளில் மூன்றும் ஒரே இறுதிக் கணக்கில் வந்து சேரும். ஆகவே ஒரு தாளை எடுத்து, வேலை முடியக்கூடிய மூன்று நாள்களைக் கற்பனை செய்து, ஒவ்வொன்றிலும் யார் யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்று எழுதிப் பார்ப்பதுதான் சரியான வாசிப்பு. நீங்கள் கொடுத்த எண்களை வைத்தே செய்து காட்டுகிறேன். நாணயம் எதுவானாலும் பொருந்தும்படி ‘ஒரு மாதச் சம்பளம்’ என்பதையே அளவாக வைத்துக்கொள்கிறேன். போனசில் 30 சதவீதம் வரியாகப் பிடிக்கப்படுகிறது என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஒப்பந்தத்தில் இரண்டு மாதச் சம்பளம் என்று இருப்பது உங்கள் கைக்கு 1.4 மாதமாக வரும்.

முதல் நாள்: நான்காம் மாதத்தில் இதைவிட நல்ல வேலை கிடைக்கிறது, புதிய இடத்தில் 15 நாளில் சேரச் சொல்கிறார்கள். உங்கள் நோட்டீஸ் 60 நாள். குறைகிற 45 நாளுக்கு ஈடாக ஒன்றரை மாதச் சம்பளம் கட்ட வேண்டும். போனஸ் முழுவதும் திரும்பப் போகும், அது இரண்டு மாதம். மொத்தம் மூன்றரை மாதச் சம்பளம். போனசாக உங்கள் கைக்கு வந்ததோ 1.4 மாதம். இது வலிக்கும், ஆனாலும் நீங்களே எடுத்த முடிவின் விலை. இதில் பேரம் பேச இடம் உண்டே தவிர அநியாயம் என்று சொல்ல மாட்டேன். பல நேரம் புதிய நிறுவனமே இதில் ஒரு பகுதியை ஏற்றுக்கொள்ளும்.

இரண்டாம் நாள்தான் என்னைத் தொந்தரவு செய்கிறது. ஐந்தாம் மாதத்தில் உங்கள் மேலாளர் மாறுகிறார், அல்லது நீங்கள் சேர்ந்த திட்டமே கைவிடப்படுகிறது. ‘எதிர்பார்த்த அளவுக்கு இல்லை’ என்று ஒரு கடிதம் வருகிறது. தகுதிகாண் காலம் என்பதால் விளக்கம் பெரிதாகத் தேவையில்லை, நோட்டீஸ் 15 நாள். நிறுவனம் உங்களுக்குத் தருவது அரை மாதச் சம்பளம். ‘வேறு எந்தக் காரணத்தால் வேலை முடிந்தாலோ’ என்ற சொற்களின்படி நீங்கள் நிறுவனத்துக்குத் தர வேண்டியது இரண்டு மாதச் சம்பளம். அதாவது அவர்கள் உங்களை வெளியே அனுப்புகிறார்கள், அதற்கு நீங்கள் ஒன்றரை மாதச் சம்பளம் கொடுத்துவிட்டுப் போகிறீர்கள். போனஸ் என்பது பழைய இடத்தை விட்டு வருவதற்காகக் கொடுக்கப்பட்ட பணம். நீங்கள் விட்டு வந்துவிட்டீர்கள், பழைய வேலை திரும்பக் கிடைக்காது. இந்த நிலையில் அதைத் திருப்பிக் கேட்பதற்கு நான் இதுவரை ஒரு நல்ல காரணம் கேட்டதில்லை. பெரும்பாலும் அது வேண்டுமென்றே எழுதப்பட்டதுகூட இல்லை. பழைய மாதிரிப் படிவத்திலிருந்து வெட்டி ஒட்டப்பட்ட வரி. அதனால்தான் கேட்டால் மாற்றிவிடுவார்கள்.

மூன்றாம் நாள் இரண்டு ஆண்டு முடியும் நேரம். 24 மாதம் வேலை பார்த்தால் போனஸ் என்னுடையது என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். உங்கள் வாசகத்தை மறுபடி படியுங்கள். காலக்கெடு பணம் கொடுத்த நாளிலிருந்து தொடங்குகிறது. பணம் முதல் மாத முடிவில் வருகிறது. ஆக அது முடிவது 25 மாதம் நிறைவடையும்போது. அதோடு, கணக்கில் கொள்ளப்படுவது கடைசி வேலை நாள் அல்ல, ராஜினாமா கடிதம் கொடுக்கும் நாள். 25 மாதம் கழித்துத்தான் கடிதத்தை நீட்ட முடியும், அதற்கு மேல் 90 நாள் நோட்டீஸ். நீங்கள் போனசோடு வெளியே வரக்கூடிய முதல் நாள், சேர்ந்து ஏறத்தாழ 28 மாதம் ஆனபோது. இரண்டு ஆண்டு நிபந்தனை என்று பெயர், உள்ளே நான்கு மாதம் கூடுதலாக ஒளிந்திருக்கிறது. 24ஆம் மாதத்தில் நல்லெண்ணத்தோடு கடிதம் கொடுத்துவிட்டு, ‘இன்னும் ஒரு மாதம் பொறுத்திருக்கலாமே’ என்று நிறுவனத்தார் இறுதிக் கணக்கில் முழுத் தொகையையும் கழித்ததைப் பார்த்து அதிர்ந்தவர்கள் உண்டு.

இனி, கேட்க வேண்டியவை. போனஸ் வரியில் மூன்று திருத்தங்கள், முக்கியத்துவ வரிசையில் சொல்கிறேன். முதலாவது, திருப்பித் தரும் கடமை இரண்டே சூழலில் மட்டும்: நீங்களாக விலகினால், அல்லது நிரூபிக்கப்பட்ட கடுமையான ஒழுங்கீனத்துக்காக நீக்கப்பட்டால். தகுதிகாண் காலத்தில் திறன் போதவில்லை என்று அனுப்புவது, ஆள்குறைப்பு, நோயால் வேலை முடிவது ஆகியவை வெளியே நிற்க வேண்டும். இரண்டாவது, மாதந்தோறும் தேய வேண்டும். 24இல் ஒரு பங்கு ஒவ்வொரு மாதமும் உங்களுடையதாக மாறினால், பணம் பெற்று 13 மாதம் கழித்து விலகும்போது மீதி 11 பங்குதான் திரும்பப் போகும். அதாவது இரண்டு மாதச் சம்பளத்துக்குப் பதிலாக ஒரு மாதத்துக்கும் சற்றுக் குறைவு. கூடவே, காலக்கெடு சேர்ந்த நாளில் தொடங்கி கடைசி வேலை நாளோடு ஒப்பிடப்பட வேண்டும் என்றும் எழுதச் சொல்லுங்கள். மூன்றாவது, திருப்பித் தருவது வரிப் பிடித்தம் போக உங்கள் கைக்கு வந்த தொகையாக இருக்க வேண்டும். இதில் நிறுவனம் முரண்டு பிடிக்கும், காரணமும் உண்டு: பிடித்த வரியை அவர்கள் அரசிடம் கட்டிவிட்டார்கள். அதே வரி ஆண்டுக்குள் நடந்தால் சம்பளப் பட்டியலிலேயே சரிசெய்வது எளிது. அடுத்த ஆண்டுக்குப் போய்விட்டால் வரியைத் திரும்பப் பெறும் வேலை உங்கள் தலையில் விழும், அது கிடைக்குமா என்பது நாட்டுக்கு நாடு மாறும். ‘கைக்கு வந்த தொகை’ கிடைக்காவிட்டால், ‘அதே வரி ஆண்டில் கைக்கு வந்த தொகை, பின்னர் வரி திரும்பக் கிடைத்தால் அதையும் சேர்த்து’ என்ற நடுவழியைக் கேளுங்கள். கணக்குப் பிரிவினர் பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள்.

இன்னொன்றையும் பாருங்கள். ‘உங்களுக்குத் தர வேண்டிய எந்தத் தொகையிலிருந்தும் கழித்துக்கொள்ளலாம்’ என்று எங்காவது இருக்கும். நீதிமன்றம் போகாமலே போனஸ் வரியை அமல்படுத்த வைப்பது இந்த ஒரு வாக்கியம்தான். கடைசி மாதச் சம்பளம், பயன்படுத்தாத விடுப்புக்கான பணம் எல்லாம் அதில் கரையும். சம்பளத்திலிருந்து எவ்வளவு, எதற்காகப் பிடிக்கலாம் என்பதற்குப் பல நாடுகளில் சட்ட வரம்பு உண்டு. ஆனால் பிடித்த பிறகு மீட்பதைவிட, எழுத்துப்பூர்வமான கணக்கு கொடுத்து 30 நாள் அவகாசம் தந்த பிறகே பிடிக்கலாம் என்று முதலிலேயே சேர்த்துவிடுவது சுலபம்.

‘யாரும் அமல்படுத்துவதில்லை’ என்ற பேச்சு இங்கேதான் சரிகிறது. நீதிமன்றத்துக்கு அரிதாகத்தான் போவார்கள் என்பது உண்மை. இறுதிக் கணக்கில் பிடிப்பதற்கு நீதிமன்றம் தேவையில்லையே. அந்த அதிகாரி பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. நீங்கள் விலகும் நாளில் அவரே அங்கு இல்லாமல் போகலாம். ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கங்களில் ‘இந்த ஆவணமே முழு உடன்பாடு, இதற்கு முந்தைய பேச்சுகள் எதுவும் செல்லாது’ என்ற பொருளில் ஒரு பிரிவு அநேகமாக இருக்கும். அது இருந்தால் அவர் வாயால் சொன்னதற்கு மதிப்பு மிகக் குறைவு.

நோட்டீசும் தகுதிகாண் காலமும் ஒன்றோடொன்று பின்னியவை. 60க்கு 15 என்பதை 15க்கு 15 ஆக்கச் சொல்லுங்கள். 30க்கு 30 என்றாலும் சரி. ஜெர்மனியில் இந்தப் பேரமே தேவைப்படாது: அங்கே பணியாளரின் நோட்டீஸ் நிறுவனத்தின் நோட்டீசைவிட நீளமாக இருக்கும்படி ஒப்பந்தம் போட முடியாது, ஆறு மாதம் வரையிலான தகுதிகாண் காலத்தில் சட்டப்படி இரு தரப்புக்கும் இரண்டு வாரம். இப்படிச் சட்டம் இல்லாத நாடுகளில் கேட்டுத்தான் வாங்க வேண்டும். அதைவிட முக்கியமாக, தகுதிகாண் காலம் எப்படி முடிகிறது என்று பாருங்கள். ‘எழுத்துப்பூர்வமாக உறுதிசெய்யும் வரை தகுதிகாண் காலம் தொடரும்’ என்று இருந்தால் ஆறு மாதம் என்ற எண்ணுக்கு அர்த்தமே இல்லை. கடிதம் தர மறந்தால்கூட 15 நாள் நோட்டீசில் உங்களை அனுப்பலாம். ஆறாம் மாத முடிவுக்குள் காரணத்தோடு நீட்டிப்புக் கடிதம் வராவிட்டால் தானாகவே நிரந்தரமாகிவிடும், நீட்டிப்பு ஒரே முறை, மூன்று மாதத்துக்கு மேல் கூடாது என்று கேளுங்கள்.

90 நாளைப் பற்றி எனக்குப் பெரிய எதிர்ப்பு இல்லை. அது உங்களையும் காக்கிறது, மூன்று மாதச் சம்பளத்துக்கு உத்தரவாதம். ஆனால் நாள்களுக்குப் பதில் பணம் கட்டி விலகும் உரிமை யாருக்கு என்பதைத் தேடிப் பாருங்கள். ‘நிறுவனம் தன் விருப்பப்படி ஏற்கலாம்’ என்று இருந்தால் உரிமை அவர்களுக்கு மட்டும். இந்தியாவிலும் இங்கிலாந்திலும் ஒருவரைக் கட்டாயப்படுத்தி வேலை செய்ய வைக்க நீதிமன்றம் உத்தரவிடாது. ஆனால் விடுவிப்புக் கடிதத்தை இழுத்தடிப்பதே பலரை உட்கார வைக்கப் போதும். ‘குறையும் நாள்களுக்கு அடிப்படைச் சம்பளத்தைக் கட்டினால் நிறுவனம் ஏற்று விடுவிக்க வேண்டும்’ என்ற வரி கிடைத்தால் நல்லது. அடிப்படைச் சம்பளமா, படிகள் எல்லாம் சேர்ந்த மொத்தச் சம்பளமா என்பதையும் விடாதீர்கள். சம்பளம் பல படிகளாகப் பிரிக்கப்படும் இடங்களில் இந்த ஒரு சொல் பாதித் தொகையை மாற்றிவிடும்.

இனி நீங்கள் பயந்த 12 மாதத் தடை. எந்த நாட்டுச் சட்டம் என்று நீங்கள் எழுதவில்லை. மற்ற மூன்றிலும் பெரும்பகுதி ஒப்பந்தத்தின் வாசகமே பேசும், இதில் மட்டும் நாடுதான் விடை. இந்தியாவில் 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவு, தொழில் செய்வதைத் தடுக்கும் உடன்பாடு செல்லாது என்கிறது. வேலை முடிந்த பிறகு போட்டி நிறுவனத்தில் சேருவதைத் தடுக்கும் நிபந்தனையை நீதிமன்றங்கள் தொடர்ந்து செல்லாததாகவே நடத்தி வந்திருக்கின்றன. கலிஃபோர்னியாவிலும் அத்தகைய தடை செல்லாது. 2024 முதல், எங்கே கையெழுத்தானதாக இருந்தாலும் அங்கே அமல்படுத்த முடியாது. ஜெர்மனியில் செல்லும், ஆனால் தடை நீடிக்கும் காலம் முழுவதும் கடைசியாகப் பெற்ற ஊதியத்தில் பாதியாவது நிறுவனம் தர வேண்டும், இரண்டு ஆண்டுக்கு மேல் கூடாது. இங்கிலாந்தில் ‘நியாயமான அளவு’ என்ற அளவுகோல். 2019இல் டில்மேன் வழக்கில் அங்குள்ள உச்ச நீதிமன்றம் ஆறு மாதத் தடையில் அளவுக்கு மீறிப் போன ஒரு சிறு சொற்றொடரை மட்டும் வெட்டிவிட்டு மீதியை உயிரோடு வைத்தது. அங்கே ‘அதிகமாக எழுதியிருக்கிறார்கள், எனவே முழுவதும் விழுந்துவிடும்’ என்று நம்பியிருக்க முடியாது.

இந்தியாவில் இருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை, ஏனெனில் 27ஆம் பிரிவைக் கேள்விப்பட்டவுடன் எல்லோரும் நிம்மதியாகிவிடுகிறார்கள். அந்த நிம்மதி வேலை முடிந்த பிறகான காலத்துக்கு மட்டுமே. வேலை ஒப்பந்தம் நடப்பில் இருக்கும் காலத்துக்கான தடை வேறு. 1967இல் கோலிகரி வழக்கில், ஐந்து ஆண்டுக்கு ஒப்புக்கொண்ட ஒருவர் இடையில் விலகிப் போட்டி நிறுவனத்தில் சேர்ந்தபோது, மீதிக் காலத்துக்கான தடையை உச்ச நீதிமன்றம் ஏற்றது. 2025இல் விஜயா வங்கி வழக்கில், மூன்று ஆண்டுக்கு முன் விலகினால் இரண்டு லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்ற நிபந்தனையும் 27ஆம் பிரிவால் விழவில்லை. பொதுத்துறை வங்கி ஆள்சேர்க்கைக்கு ஆகும் செலவை அந்தத் தீர்ப்பு கணக்கில் எடுத்துக்கொண்டது, அதனால் எல்லாத் தனியார் ஒப்பந்தத்துக்கும் அதை அப்படியே நீட்ட முடியுமா என்பது விவாதத்துக்குரியது. ஆனால் உங்கள் ஒப்பந்தத்தில் ‘குறைந்தபட்சப் பணிக்காலம் 24 மாதம்’ என்ற சொற்கள் எங்காவது இருந்தால், போனஸ் நிபந்தனை வெறும் பணக் கணக்காக நிற்காமல் வேறு உருவம் எடுக்கலாம். போனஸ் பகுதி பணத்தைத் திருப்புவது பற்றி மட்டும் பேசட்டும். நீங்கள் அத்தனை காலம் வேலை செய்வதாக வாக்குறுதி தரும் வாசகம் இருந்தால் எடுக்கச் சொல்லுங்கள். 90 நாள் நோட்டீஸ் ஓடும்போதும் நீங்கள் பணியாளர்தான், அந்த நாள்களில் போட்டி நிறுவனத்துக்கு வேலை செய்வது எந்த நாட்டிலும் வம்பு.

தடை செல்லும் நாடாக இருந்தால் ‘போட்டி நிறுவனம் எதிலும்’ என்பதைச் சுருக்குங்கள்: பெயர் குறிப்பிட்ட நான்கைந்து நிறுவனங்கள், நீங்கள் கடைசி ஓராண்டில் செய்த அதே வகை வேலை, ஆறு மாதம். நோட்டீஸ் காலத்தில் அலுவலகத்துக்கு வர வேண்டாம் என்று சம்பளத்தோடு வீட்டில் உட்கார வைத்தால், அந்த நாள்கள் தடைக் காலத்திலிருந்து கழிய வேண்டும். ரகசியம் காக்கும் பிரிவையும், வாடிக்கையாளர்களை இழுக்கக் கூடாது என்ற பிரிவையும் எதிர்த்து நேரத்தை வீணாக்காதீர்கள்; அளவோடு எழுதப்பட்டிருந்தால் அவை பெரும்பாலான இடங்களில் நிற்கும். தடை செல்லாத நாடாக இருந்தாலும் ஒரு தொல்லை மிஞ்சும்: பழைய நிறுவனத்தின் வழக்கறிஞர் புதிய நிறுவனத்துக்கு ஒரு கடிதம் போடுவார். சட்டப்படி வெறும் தாளாக இருந்தாலும், சேர்ந்து ஒரு வாரமே ஆன ஆளுக்காகச் சண்டை போட எல்லா நிறுவனமும் துணியாது.

கேட்கும் முறை பற்றி ஒன்று. பொதுப் படிவத்தில் கைவைக்க மனிதவளத் துறைக்கு அதிகாரம் குறைவு, போனஸ் இணைப்புக் கடிதத்தில் கூடுதல். அதனால் ‘ஒப்பந்தத்தை மாற்றுங்கள்’ என்று கேட்காமல், ‘போனஸ் கடிதத்தில் இந்த வாக்கியத்தைச் சேர்க்க முடியுமா’ என்று மின்னஞ்சலில் கேளுங்கள், வாக்கியத்தையும் நீங்களே எழுதிக் கொடுங்கள். உதாரணமாக: ‘கடுமையான ஒழுங்கீனம் தவிர வேறு எந்தக் காரணத்துக்காக நிறுவனம் பணியை முடித்தாலும், தகுதிகாண் காலம் உட்பட, போனஸ் தொகையைத் திருப்பித் தர வேண்டியதில்லை.’ ஒன்றே ஒன்றுதான் தருவோம் என்றால் இதை வாங்கிக்கொண்டு மற்றவற்றை விடுங்கள். இதையும் மறுத்தால், பணத்தை வாங்கித் தனிக் கணக்கில் தொடாமல் வைப்பது ஒரு வழி, போனசே வேண்டாம், அதில் ஒரு பகுதியை மாதச் சம்பளத்தில் சேருங்கள் என்பது இன்னொரு வழி.

நான் பார்த்தது நீங்கள் சுருக்கி எழுதிய நான்கு நிபந்தனைகளை மட்டும். சொல்லுக்குச் சொல் எப்படி இருக்கிறது என்பதில் நான் சொன்னது மாறக்கூடும். எந்த நாட்டுச் சட்டம், எந்த ஊர் நீதிமன்றம் என்று கூறும் பிரிவையும், போனஸ் பகுதியின் முழு வாசகத்தையும் நிறுவனத்தின் பெயரை மறைத்துப் பதிந்தால் இன்னும் திட்டமாகச் சொல்ல முடியும். அதுவரை, திருத்திய பிரதியில் நிறுவனத்தின் கையெழுத்து வந்து சேராமல் இப்போதைய வேலையில் ராஜினாமா கடிதத்தைக் கொடுத்துவிடாதீர்கள்.